ஆர்டர் குவிந்தால் செக்கைக் கேளுங்கள்

எங்க மரச்செக்குக் கடலை எண்ணெய் பற்றிய வீடியோ பரவி, இரண்டே நாளில் 240 லிட்டருக்கு ஆர்டர் வந்துவிட்டது. "நான் எண்ணெய் தர்றேன், உங்க பேரை ஒட்டி அனுப்பிடுங்க" என்றார் ஒரு வியாபாரி. மறுத்துவிட்டு, கணக்குப் போட்டேன்.

செக்கில் ஒரு தடவைக்கு 20 கிலோ பருப்பு போட்டால் 8 லிட்டர் எண்ணெய். நாளுக்கு மூன்று தடவை, 24 லிட்டர். ஆக, ஆட்டவே 10 நாள். கடைசி எண்ணெய் வெயிலில் தெளிய இன்னும் 4 நாள். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கல் தெரியக் கூடாது. அவசரப்பட்டு அடைத்தால் கசடு தங்கி, சீக்கிரமே காறல் வாடை வந்துடும்.

மழைக்கும் கரண்ட் கட்டுக்கும் 4 நாள் சேர்த்து, "கடைசி ஆளுக்கு 18-ஆம் நாள் அனுப்புவோம்" என்று சொன்னேன். காத்திருக்க முடியாதவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். புதிதாகக் கேட்டவங்க பெயரை மட்டும் எழுதிக்கிட்டேன், முன்பணம் வாங்கலை.

நடுவில் இரண்டு நாள் மழை. ஆனாலும் 16-ஆம் நாளே கடைசி பாட்டில் கிளம்பியது.