முதன்முதலாக உன்னைப் பற்றி எழுதும்போது...

அன்புத் தம்பிக்கு,

வயர்மேன் வேலைக்குச் சேர்ந்த குத்தகை நிறுவனம் தனது அகப்பக்கத்தில் போட உன்னைப் பற்றி நான்கு வரி கேட்டிருக்கிறது என்றாய். நீ அனுப்பியதைப் படித்தேன்: "நான் கடின உழைப்பாளி. மின்சாரத் துறையில் ஆர்வம் அதிகம். எதையும் சவாலாக எடுத்துச் செய்வேன்." இதை ஒரு சமையல்காரரும் எழுதலாம், லாரி ஓட்டுநரும் எழுதலாம். நீ யார் என்பது இதில் இல்லை.

முதலில், படிக்கப்போவது யார் என்று யோசி. பந்திங்கில் பழைய வரிசை வீட்டில் இருக்கும் ஓர் அம்மா. மழை பெய்தால் மெயின் சுவிட்ச் விழுகிறது. வீட்டுக்குள் யாரை விடுவது என்று பார்க்கிறார். வேலைக்கு மனு போடும்போது கொடுக்கும் விவரங்கள் அவருக்குத் தேவையில்லை. அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, எஸ்.பி.எம். மதிப்பெண் எதையும் போடாதே.

அடுத்து, ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுது. எந்த ஊரில் என்ன வேலை செய்கிறாய்? அதற்கு என்ன சான்றிதழ் இருக்கிறது? எந்த வேலையைத் தனியாக முடித்திருக்கிறாய்? மூன்றாவதற்கு நினைவை நம்பாதே. வேலைச் சீட்டுகளை எடுத்து எண்ணு.

இங்கேதான் கவனம் வேண்டும். கோயில் மண்டபத்துக்கு மும்முனை வயரிங் போட்டபோது நீ உதவிக்குத்தான் போனாய். எரிசக்தி ஆணையம் உனக்குத் தந்திருக்கும் சான்றிதழ் ஒருமுனை இணைப்புக்கு. "மும்முனை வேலையும் செய்வார்" என்று எழுதினால் அந்த வேலைக்கே உன்னைக் கூப்பிடுவார்கள். நீ பொறுப்பேற்க முடியாது. கூடப்போய்ச் செய்ததை "உதவியாளராக" என்று எழுது, அல்லது விட்டுவிடு.

தோட்டத்தில் வளர்ந்ததைப் போடலாமா என்று கேட்டாய். தாராளமாகப் போடு. ஆனால் பட்ட கஷ்டத்தைச் சொல்ல அல்ல, இந்த வட்டாரத்துப் பையன் என்று தெரிய.

கடைசியாக, "நான்" என்பதை எடுத்துவிட்டு வேறொருவர் உன்னை அறிமுகப்படுத்துவது போல எழுது. பெயருக்குப் பிறகு இப்படி வரலாம்:

"பந்திங் வட்டாரத்தில் வீடுகளுக்கு மின்கம்பி வேலை செய்யும் வயர்மேன். ஒருமுனை இணைப்புக்கான எரிசக்தி ஆணையச் சான்றிதழ் பெற்றவர். பழைய வரிசை வீடுகளில் மெயின் சுவிட்ச் ஏன் விழுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதே இவர் அதிகம் செய்யும் வேலை; இதுவரை 14 வீடுகளில் தனியாக முடித்திருக்கிறார். இவ்வட்டாரத் தோட்டத்தில் வளர்ந்தவர். தமிழும் மலாயும் பேசுவார்."

14 என்பது நான் போட்டது. சீட்டில் எத்தனை இருக்கிறதோ அதைப் போடு. எழுதி முடித்ததும் முதலாளியிடம் வாசித்துக் காட்டு. எந்த வரியிலாவது அவர் "இது எப்போ செஞ்சே?" என்று கேட்டு, நீ பதில் சொல்லத் தயங்கினால், அந்த வரியை அடித்துவிடு. மும்முனைச் சான்றிதழ் கையில் கிடைக்கும் அன்றைக்கு இரண்டாவது வரியை மாற்று. அதற்கு முன்பு வேண்டாம்.

அன்புடன்,
பெரியப்பா வீட்டு அண்ணன்