செயினோடு வைக்கும் சீட்டு

பட்டம் வாங்கிய மகளுக்கு ஒரு பவுனில் செயின் எடுக்கும் பெற்றோர், செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் கடையில் ஒரு மணி நேரம் பேரம் பேசுவார்கள். கூட வைக்கிற வாழ்த்து அட்டையில் மட்டும் ‘வாழ்க வளமுடன்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். பெயரை மாற்றினால் அது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் பொருந்தும்.

நம் வீடுகளில் மகளுக்கு எடுக்கும் நகை பெரும்பாலும் கல்யாணக் கணக்கில் சேர்ந்துவிடும். பட்டத்துக்காக எடுத்த செயினும் பீரோவுக்குள் போனால் அப்படித்தான் ஆகும். எதற்காகக் கொடுத்தோம், இனி அது யாருடையது என்ற இரண்டையும் அட்டை சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை.

மகள் நர்சிங் முடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அட்டையின் முன்பக்கம் இப்படி இருக்கலாம்:

“பாப்பா, முதல் வருஷம் அனாட்டமி பேப்பர் போச்சுன்னு ஹாஸ்டல்ல இருந்து ராத்திரி போன் பண்ணி அழுதே. விடிஞ்சதும் லைப்ரரில இருக்கேன்னு சொன்னே. அந்தக் காலைக்காகத்தான் இந்தச் செயின். டியூட்டி இல்லாத நாள்ல போட்டுக்கோ. டிசைன் பிடிக்கலைன்னா மாத்திக்கோ, அவசரம்னா அடகு வை. எங்களைக் கேட்க வேண்டாம். அப்பா, அம்மா.”

வேறு யாருக்கும் பொருந்தாத ஒரு சம்பவம் போதும். ‘நன்றாகப் படித்தாய்’ என்று பொதுவாகப் பாராட்டுவதைவிட, அவள் எப்போது தடுமாறி எழுந்தாள் என்பதைக் கவனித்திருக்கிறோம் என்று காட்டுவது அவளைத் தொடும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே எழுதலாம். அறிவுரை சேர்த்தால் பரிசு பாடமாகிவிடும்.

பின்பக்கம் கணக்குக்கு. கொடுத்த தேதி, 8 கிராம், 22 காரட், பில் எண், கொக்கி அருகே பொறித்திருக்கும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடலாம். எழுத்தும் எண்ணும் கலந்த இந்தக் குறியீடு, 2023 ஏப்ரல் முதல் கடைகள் விற்கும் ஹால்மார்க் நகைகளில் கட்டாயம். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அதைத் தட்டினால் நகையின் தூய்மை தெரியும்.

சட்டப்படி அட்டை கட்டாயமில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, அசையும் பொருளைப் பரிசாகக் கையில் கொடுத்து, வாங்குபவர் ஏற்றுக்கொண்டாலே போதும். பெற்றோர் தரும் பரிசுக்கு மகள் வருமான வரி கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால், பில் பெரும்பாலும் அப்பா பெயரில் இருக்கும். பின்னாளில் நகை யாருடையது என்று கேள்வி வந்தால், மகளுக்குக் கொடுத்ததற்கு இந்தக் கையெழுத்து ஒரு சாட்சி. அது மட்டுமே முழு ஆதாரமாகிவிடாது என்பதால் பில்லையும் கூடவே வைக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான பில் நாளடைவில் வெளுத்துவிடும். அதனால் இரண்டையும் படம் எடுத்து அன்றைக்கே மகளின் போனுக்கு அனுப்பிவிடலாம்.