கடனுக்குச் சரக்கு கேட்கும் கம்பெனியின் தரக்குறியீட்டைப் பார்ப்பது எப்படி?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்குர்ஆனின் 2:282 வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதுகிறோம், சாட்சியும் வைக்கிறோம். ஆனால் எதிரில் இருப்பவர் இதுவரை மற்றவர்களுக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுத்தவரா என்று விசாரிப்பதில்தான் நம் வியாபாரக் குடும்பங்கள் பல கோட்டை விடுகின்றன. நடுத்தர, பெரிய கம்பெனிகள் விஷயத்தில் இந்த விசாரணையைப் பத்து நிமிடத்தில், காசு செலவில்லாமல் செய்ய முடியும்.

ஆம்பூரில் தோல் பொருட்கள் தைத்துக் கொடுக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் கம்பெனி ஒன்று 12 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு கேட்கிறது. பணம் 90 நாள் கழித்து. "எங்களுக்கு A4 ரேட்டிங் இருக்கிறது" என்று பெருமையாகச் சொல்கிறார் அதன் மேலாளர்.

முதலில் கம்பெனியின் சட்டப்படியான முழுப் பெயர் வேண்டும். கடைப் பலகையில் இருக்கும் பெயர் போதாது. பில்லிலோ ஆர்டர் கடிதத்திலோ 'பிரைவேட் லிமிடெட்' என்று முடியும் பெயரைப் பாருங்கள். ஒரே குழுமத்தில் ஒரே மாதிரி பெயருடன் நான்கு கம்பெனிகள் இருக்கலாம்; ஒன்றின் தரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. அந்தப் பெயரை crisilratings.com, icra.in, careratings.com, indiaratings.co.in, acuite.in போன்ற செபி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தளங்களில் தேட வேண்டும். ஒரு கம்பெனி பெரும்பாலும் ஒன்றிரண்டு நிறுவனங்களிடம்தான் தரம் வாங்கியிருக்கும் என்பதால், ஒரு தளத்தில் இல்லாவிட்டால் அடுத்ததில் பாருங்கள்.

இப்போது எழுத்துகளுக்கு வருவோம். ஓராண்டுக்கு மேற்பட்ட கடனுக்கு AAA தொடங்கி AA, A, BBB, BB, B, C என்று இறங்கி D-யில் முடியும். D என்றால் தவணை தவறிவிட்டது என்று பொருள். BBB- வரை ஓரளவு நம்பலாம் என்பது சந்தை வழக்கம். அதற்குக் கீழே ஆபத்து கூடிக்கொண்டே போகும். குறுகிய காலக் கடனுக்கோ அளவுகோலே வேறு: A1, A2, A3, A4, பிறகு D. ஆக அந்த மேலாளர் பெருமையாகச் சொன்ன A4, தவணை தவறுவதற்கு முந்தைய கடைசிப் படி! A என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம்.

எழுத்தோடு நின்றுவிடாமல் அந்த அறிக்கையையும் திறந்து பாருங்கள். அதன் தேதி என்ன? ஒரு வருடத்துக்கு மேல் பழையதா? 'Liquidity' என்ற பகுதியில் 'Stretched' என்றோ 'Poor' என்றோ இருந்தால் கையில் பணப்புழக்கம் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். நம் 90 நாள் பாக்கிக்கு இதுவே முக்கியம். பெயருக்கு அருகில் 'ISSUER NOT COOPERATING' என்று இருந்தால், கம்பெனி கணக்கு வழக்குகளைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது, கிடைத்த தகவலை வைத்துத்தான் தரம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எழுத்தை நம்பிச் சரக்கு அனுப்ப வேண்டாம். ஆம்பூர் குடும்பம் தேடியபோது BB, A4, கூடவே இந்த வாசகமும் இருந்தால், பாதிப் பணம் முன்பணமாக, மீதி சரக்கு ஏற்றும்போது என்று கேட்பதே சரி. அதற்கு அவர்கள் மறுத்தால் ஆர்டர் போகட்டும்.

உயர்ந்த தரமும் உத்தரவாதம் அல்ல. ஐ.எல்.&எஃப்.எஸ். நிறுவனம் 2018 ஆகஸ்ட் தொடக்கம் வரை AAA தரத்தில் இருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் D ஆகிவிட்டது. குழுமத்தின் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். தரம் போடுபவருக்குக் கட்டணம் கொடுப்பது தரம் பெறும் கம்பெனிதான் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் இன்றைய எழுத்தை மட்டும் பார்க்காமல், அறிக்கையின் இறுதியில் இருக்கும் 'Rating History' அட்டவணையில் கடந்த மூன்று ஆண்டுகளாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. AAA என்பது ஹலால் சான்றிதழ் அல்ல. வட்டிக்கு வாங்கிய வங்கிக் கடனை ஒழுங்காகக் கட்டுகிறது என்பதற்காகவே அந்த எழுத்து கிடைத்திருக்கலாம். அதில் முதலீடு செய்யலாமா என்பதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். அதேபோல், 'ஹலால் லாபப் பங்கு' என்று பணம் திரட்டுபவர் தரக்குறியீட்டைக் காட்டினால், அது எந்தக் கடனுக்குப் போடப்பட்டது என்று கேளுங்கள். வங்கிக் கடனுக்கான தரம் நாம் கொடுக்கும் பணத்துக்குப் பொருந்தாது.

எந்தத் தளத்திலும் பெயர் இல்லையென்றால் அது மட்டுமே குற்றம் அல்ல. சிறிய கம்பெனிகள் பல தரம் வாங்குவதே இல்லை. அவற்றுக்கு mca.gov.in தளத்தில் கம்பெனி இன்னும் இயங்குகிறதா, சொத்துகள் எந்த வங்கியிடம் அடமானத்தில் இருக்கின்றன என்று பார்க்கலாம். அவர்களுக்கு ஏற்கெனவே சரக்கு கொடுத்த இருவரிடம், பணம் எத்தனை நாளில் வந்தது என்றும் கேட்டுக்கொள்ளலாம்.