106 பெட்டி எண்ணெய் கேட்டு ஒரு கடிதம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட்டுக்கு 15 ரூபாய் தள்ளுபடி என்று ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் அறிவிக்கிறது. நோட்டீஸ் அடித்தாயிற்று, கடை வாசலில் பேனரும் கட்டியாயிற்று. ஆஃபரை முடிவு செய்வது தலைமை அலுவலகம். ஆனால் காலி ரேக்கின் முன் நின்று "நாளைக்கு வரும்மா" என்று பதில் சொல்ல வேண்டியவர் கிளை மேலாளர். அதனால்தான் ஆஃபர் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பே, "எங்கள் கிளைக்குக் கூடுதல் சரக்கு வேண்டும்" என்று அவர் கடிதம் எழுதுகிறார்.

தலைமை அலுவலகம் அந்தக் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் பிரிக்கும். அதற்குக் காரணம் உண்டு. சரக்கு குறைவாக இருக்கிறது, எல்லோருக்கும் பிரித்துத்தான் தருவார்கள் என்று தெரிந்தால், நூறு பெட்டி தேவைப்படும் கிளை இருநூறு கேட்கும். 1997-இல் ஹா லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று பேராசிரியர்கள் இதை விரிவாக எழுதினார்கள். கடையில் விற்பனை சிறிதளவே ஏறி இறங்கினாலும், மொத்த விற்பனையாளர், தொழிற்சாலை என்று மேலே போகப் போக ஆர்டர்களின் ஏற்ற இறக்கம் பெரிதாகிவிடுகிறது என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன நான்கு காரணங்களில் ஒன்று, தட்டுப்பாட்டுக்குப் பயந்து கூட்டிக் கேட்பது. தள்ளுபடியால் விலை ஏறி இறங்குவது இன்னொன்று. ஆஃபர் காலத்துக் கடிதத்தில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே "நிறைய அனுப்புங்கள்" என்ற வேண்டுகோள் எடுபடாது. கணக்குக் காட்டினால்தான் எடுபடும்.

அந்தக் கணக்கு எங்கே தப்பாகும் என்று பார்க்க, மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள நடுத்தரக் கிளையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கடந்த 28 நாட்களில் இந்த எண்ணெய் 1,200 பாக்கெட் விற்றது என்று கணினி காட்டுகிறது. நாளுக்குச் சுமார் 43. சென்ற ஆண்டு இதே ஆஃபரின் 7 நாட்களில் 600 பாக்கெட் போயிருக்கிறது. அப்போது சாதாரண நாளில் 40 விற்றதால், ஆஃபரில் விற்பனை இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போனதாகத் தெரிகிறது. இதை வைத்து தலைமை அலுவலகம் இந்த ஆண்டுக்குச் சுமார் 640 பாக்கெட் என்று மதிப்பிடும். கணினியில் 130 இருப்பு இருப்பதால், பத்துப் பத்தாக அடைத்த பெட்டியில் 51 அனுப்பினால் போதும் என்று முடிவு செய்யும்.

கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. ஆனாலும் விடை தவறு. கணினி சொல்வது விற்றதை மட்டும். வாங்க வந்து கிடைக்காமல் திரும்பியவர்களுக்குப் பில் கிடையாது. அந்த 28 நாட்களில் 3 நாட்கள் எண்ணெய் ரேக் காலியாக இருந்தது என்பது மேலாளருக்குத் தெரியும். அப்படியானால் 1,200 பாக்கெட்டும் 25 நாட்களில் விற்றவை, நாளுக்கு 48. சென்ற ஆண்டு ஆஃபரிலும் ஐந்தாம் நாள் இரவே சரக்கு தீர்ந்துவிட்டது. 600 பாக்கெட்டும் 5 நாட்களில் போனவை, நாளுக்கு 120. அதாவது மூன்று மடங்கு. இந்த ஆண்டு 48-ஐ மூன்றால் பெருக்கினால் நாளுக்கு 144, ஏழு நாளுக்கு 1,008. லாரி தாமதமானால் சமாளிக்க ஒரு நாள் சரக்கு சேர்த்தால் 1,152.

அடுத்தது இருப்பு. கணினி 130 என்கிறது. மேலாளர் பின்கட்டு கோடவுனுக்குப் போய்க் கையால் எண்ணுகிறார். அடிப்பெட்டிகளில் பாக்கெட் கசிந்து ஒதுக்கி வைத்தவை, வேறு பிராண்டின் பெயரில் பில் ஆகிப்போனவை எல்லாம் கழிந்து, விற்கக்கூடியவை 92 மட்டும். மீதி வேண்டியது 1,060, அதாவது 106 பெட்டி. தலைமை அலுவலகத்தின் 51-க்கும் இதற்கும் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தை விளக்குவதுதான் கடிதத்தின் வேலை. அது இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தீபாவளி ஆஃபருக்காக எங்கள் கிளைக்கு ஒதுக்கிய 51 பெட்டி சூரியகாந்தி எண்ணெயை 106 பெட்டியாக உயர்த்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு 600 பாக்கெட்டும் ஐந்தாம் நாள் இரவுக்குள் விற்றுத் தீர்ந்தன. கடைசி இரண்டு நாட்களுக்கு எண்ணெய் பில் ஒன்றுகூட இல்லை. கடந்த 28 நாட்களிலும் 3 நாட்கள் சரக்கு இல்லை. தேதிகளை இணைத்துள்ளேன். நேற்று எண்ணியதில் கையிருப்பு 92. கணினியில் உள்ள 130-ஐத் திருத்தக் கோரிக்கை அனுப்பியுள்ளேன்.

மொத்தத்தையும் ஒரே லோடில் அனுப்ப வேண்டாம். ஆஃபர் தொடங்கும் முன் 66 பெட்டி வந்தால் போதும். அவற்றை வைக்க இடம் ஒதுக்கிவிட்டேன். மீதி 40 பெட்டியைக் கிடங்கில் எங்கள் பெயரில் நிறுத்தி வையுங்கள். இரண்டாம் நாள் இரவு விற்பனையைத் தெரிவிக்கிறேன். இரு நாளும் சேர்த்து 250-க்கு மேல் போயிருந்தால் நான்காம் நாள் அனுப்புங்கள். 200-க்குக் கீழே என்றால் வேறு கிளைக்குக் கொடுத்துவிடலாம்."

இந்தக் கடிதத்தின் பலம் கடைசிப் பத்தியில் இருக்கிறது. சென்ற ஆண்டின் முதல் ஐந்து நாள் வேகம் கடைசி இரண்டு நாளும் நீடித்திருக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. முறுக்கும் அதிரசமும் சுடுவதற்கான எண்ணெயைப் பலர் மூன்று நான்கு நாள் முன்பே வாங்கிவிடுவார்கள். ஆகவே மூன்று மடங்கு என்பது சற்று அதிகமாகவும் இருக்கலாம். இருப்பில் உள்ள 92-உடன் 66 பெட்டி சேர்ந்தால் 752 பாக்கெட். நாளுக்கு 144 வீதம் போனாலும் ஐந்து நாள் தாங்கும். விற்பனை நாளுக்கு நூறோடு நின்றுவிட்டால் ஏழு நாளுக்கும் அதுவே போதும். மதிப்பீடு பிசகினால் அந்தச் சுமை கிளையின் தலையில் மொத்தமாக விழாதபடி இந்த ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. தேவையில்லை என்றால் விட்டுக்கொடுக்கவும் தயாராக இருப்பவர் கேட்கும் எண்ணைத் தலைமை அலுவலகம் நம்பும்.

இடத்தைப் பற்றிய வரியும் சும்மா எழுதியதல்ல. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். 66 பெட்டி என்றால் ஏறக்குறைய 600 கிலோ. இடமில்லை என்று மேலே மேலே அடுக்கினால் அடியில் உள்ள பாக்கெட் கசியும். கேட்டு வாங்கிய சரக்கே நஷ்டமாகும்.

மிஞ்சினால் என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். எண்ணெய் சில மாதங்கள் தாங்கும் பொருள். ஆனால் ஆஃபரில் வாங்கி வைத்த வீடுகள் அடுத்த இரண்டு வாரம் எண்ணெய் பக்கமே வராது. அந்த மந்தத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தயிர், பிரெட் போல நான்கைந்து நாளில் காலாவதியாகும் பொருளுக்கு இதே துணிச்சலோடு கேட்க முடியாது. அங்கே கூடுதல் சரக்கைவிட, தினமும் வண்டி வர ஏற்பாடு கேட்பதே சரி.

கடிதம் முழுவதும் நிற்பது ஒரே தகவலின் மேல்: ரேக் எந்த நாள், எந்த நேரம் காலியானது என்பது. பெரும்பாலான கடைகளில் அதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆகவே கிளை மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பொருள் தீர்ந்தாலும் தேதியையும் நேரத்தையும் அன்றே நோட்டில் எழுதுங்கள். அடுத்த தீபாவளிக்கு நீங்கள் எழுதும் கடிதத்துக்கு அந்த நோட்டுதான் சாட்சி.