குடத்தின் நிழல் எந்தப் பக்கம்?

செட்டிநாட்டு வீடு ஒன்றின் தாழ்வாரத்தைப் படம் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தரையில் சிவப்பு ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறது. வலப்பக்கம் ஒரு மரத்தூண் நிற்க, அதன் நிழல் பிற்பகல் வெயிலில் கற்களின் மேல் நீளமாகச் சாய்ந்து கிடக்கிறது. இந்தப் புகைப்படத்தில் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம் இருக்க வேண்டும். குடமோ கணினிக்குள் இருக்கிறது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த முப்பரிமாண உருவம் அது.

குடத்தை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் அப்படியே எடுத்துப் படத்தில் ஒட்டினால் ஒட்டியது தெரிந்துவிடும். பார்ப்பவருக்கு என்ன பிசகு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடும். பெரும்பாலும் பிசகு வெளிச்சத்தில்தான் இருக்கும். தாழ்வாரத்துக்கு ஒரு பக்கமிருந்து வெயில் வருகிறது, மேலே முற்றத்து வானத்தின் நீலம் இறங்குகிறது, கீழே தரையின் சிவப்பு மேல்நோக்கி அடிக்கிறது. இந்த மூன்றும் குடத்தின் மேல் விழுந்தால்தான் அது அந்த வீட்டுக் குடம்.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த பால் டெபவெக். உருவத்தை வைக்கப்போகும் இடத்தில் கண்ணாடி போன்ற ஓர் உருண்டையை வைத்து, அதில் தெரியும் சுற்றுப்புறம் முழுவதையும் படம்பிடித்து, அந்தப் படத்தையே விளக்காக்கி உருவத்தின் மேல் ஒளி பாய்ச்சலாம் என்று 1998-இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை விளக்கியது. இன்று எச்.டி.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் சுற்றுப்புறப் படம் இந்த வழியில் வந்ததுதான்.

சாதாரணப் புகைப்படத்தை ஏன் விளக்காக்க முடியாது? சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு புள்ளியின் அதிகபட்ச வெளிச்சம் 255. வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுவரும் 255, வானத்துச் சூரியனும் 255. உண்மையில் சூரிய வட்டம் அந்தச் சுவரைவிட ஏறத்தாழ 50,000 மடங்கு பிரகாசமானது. இரண்டையும் ஒன்றாக எண்ணும் படத்தை வைத்து ஒளியூட்டினால் நிழலே விழாது. மேகம் மூடிய நாள்போல எல்லாம் மந்தமாகிவிடும். அதனால் ஒரே காட்சியை மிகக் குறைந்த ஒளியளவிலிருந்து மிகக் கூடிய ஒளியளவு வரை பல தடவை எடுத்து, அவற்றை ஒரே கோப்பாகச் சேர்க்கிறார்கள். `.hdr`, `.exr` என்று முடியும் கோப்புகள் இவை. நாமே எடுக்க முடியாவிட்டால் பாலி ஹேவன் தளத்தில் யாரும் எதற்கும் பயன்படுத்தக்கூடிய உரிமத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன.

இனி வேலைக்கு வருவோம். முதலில் பிளெண்டரின் கேமரா, புகைப்படம் எடுத்த கேமரா நின்ற அதே இடத்தில், அதே கோணத்தில் நிற்க வேண்டும். fSpy என்ற சிறு மென்பொருள் இதைச் செய்கிறது. படத்தில் தரைக்கற்களின் ஓரங்கள் மேல் கோடுகளை வைத்தால், அவை தூரத்தில் எங்கே கூடுகின்றன என்பதைக் கொண்டு கேமராவின் நிலையைக் கணக்கிட்டுவிடும். ஒரு கல்லின் நீளத்தை அளந்து கொடுத்தால் அளவும் சரியாகும். புகைப்படத்தின் ஓரங்களை வெட்டியிருந்தால் இந்தக் கணக்கு தவறிப்போகும் என்பதால் வெட்டாத மூலப்படம் வேண்டும்.

அடுத்தது சூரியன். சுற்றுப்புறப் படத்தைப் பிளெண்டரின் `Environment Texture` பகுதியில் ஏற்றினால் வெளிச்சம் வந்துவிடும், ஆனால் எந்தப் பக்கமிருந்து? அதைக் கண்ணால் ஊகிக்க வேண்டியதில்லை, தூணே சொல்லிவிடும். புகைப்படத்துத் தூண் நிற்கும் அதே இடத்தில் ஓர் எளிய உருளையை நிறுத்தி, `Mapping` பகுதியில் `Z` சுழற்சியை மெல்ல மாற்றிக்கொண்டே போகலாம். கணினித் தூணின் நிழல் நகர்ந்து நகர்ந்து வந்து புகைப்படத்து நிழலின் மேல் அப்படியே படியும் கோணம்தான் சரியான கோணம். திசை பொருந்தியும் நிழலின் நீளம் பொருந்தவில்லை என்றால், அந்த எச்.டி.ஆர்.ஐ. வேறு நேரத்தில் எடுத்தது. அதைச் சாய்த்துச் சரிக்கட்டப் பார்த்தால் தொடுவானமும் சேர்ந்து சாயும். சூரியன் அதே உயரத்தில் இருக்கும் வேறு படத்தைத் தேடுவதே நல்லது.

நிழல் விழ ஒரு தரை வேண்டுமே? குடத்தின் அடியில் ஒரு தட்டையான தளத்தை வைத்து, அதற்கு `Shadow Catcher` என்ற குறியைப் போட வேண்டும். இதன் வேலை எளிமையான வகுத்தல் கணக்கு. குடம் இருக்கும்போது தரைக்கு எவ்வளவு ஒளி வருகிறது, குடம் இல்லாவிட்டால் எவ்வளவு வரும் என்று இரண்டையும் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. ஓரிடத்தில் ஒளி பாதியாகியிருந்தால் புகைப்படத்தின் அந்த இடமும் பாதியாக மங்கும். தளம் கண்ணுக்குத் தெரியாது, நிழல் மட்டும் நிற்கும். தளத்துக்கு ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பையே கொடுத்தால் குடத்தின் அடிவயிற்றில் அந்தச் சிவப்பு ஏறும். இதைச் செய்த படத்துக்கும் செய்யாத படத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

இங்கே பலர் இடறும் ஓர் இடம் உண்டு. குடத்தின் நிழல் தூணின் நிழலுக்குள் போய் விழுந்தால், ஏற்கெனவே இருட்டான இடம் மறுபடியும் இருட்டாகி, நிழலின் மேல் நிழல் விழுந்ததுபோல் ஒரு கறை தெரியும். வெயிலே படாத இடத்தில் வெயில் நிழல் எப்படி விழும்? திசை பார்க்க நிறுத்திய உருளையை நீக்காமல், அதற்கும் `Shadow Catcher` குறி போட்டுவிட்டால் போதும். அப்போது அதன் நிழல் குடம் இருக்கும் கணக்கிலும் இல்லாத கணக்கிலும் சமமாக வந்து, வகுக்கும்போது கழிந்துவிடும்.

கடைசியில் இரண்டையும் சேர்க்கும்போது புகைப்படம் திடீரென்று வெளிறிப்போகலாம். பிளெண்டர் 4.0 முதல் `AgX` என்ற வண்ண மாற்றம் தானாகவே இருக்கும். கணினி உருவத்தின் கூசும் வெளிச்சத்தை அது பதமாக அடக்குகிறது. ஆனால் புகைப்படம் கேமராவிலேயே அப்படிப் பதப்படுத்தப்பட்டு வந்தது; இரண்டாம் முறை அடக்கினால் நிறம் செத்துவிடும். `View Transform` பகுதியில் `Standard` என்று மாற்றினால் புகைப்படம் தன் நிறத்துக்குத் திரும்பும். பதிலுக்குக் குடத்தின் பளபளப்பு கொஞ்சம் வெந்து வெள்ளையாகலாம், அதை ஒளியளவைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. சுற்றுப்புறப் படத்தில் உள்ள எல்லாமே முடிவில்லாத தூரத்தில் இருப்பதாகத்தான் பிளெண்டர் எடுத்துக்கொள்கிறது. வானத்துக்கு அது பொருந்தும், ஒரு முழத் தூரத்தில் நிற்கும் தூணுக்குப் பொருந்தாது. குடத்தைத் தூணை ஒட்டி நகர்த்தினாலும் குடத்தில் தெரியும் தூணின் பிம்பம் பெரிதாகாது. புளி போட்டுத் துலக்கிய பளபளக்கும் குடத்தில் இது காட்டிக்கொடுத்துவிடும். பழகி மங்கிய குடத்தில் பிம்பமே கலங்கலாக இருப்பதால் தப்பித்துவிடும்.

ஆகவே இதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் புகைப்படம் எடுக்கும் அன்றே ஒரு வேலையையும் முடித்துவிடுங்கள். குடம் வரப்போகும் இடத்தில் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, கேமராவை அசைக்காமல் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் எந்தப் பக்கம் மின்னுகிறது, வானம் எவ்வளவு தெரிகிறது, நிழலின் ஓரம் எவ்வளவு கூர்மை என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். பிளெண்டரிலும் அப்படியொரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். அவை ஒத்துப்போன பிறகு குடத்தை வையுங்கள்.