உங்கள் பால்கனி வாளிக்குள் மழை வாசனை அடிக்கும், தெரியுமா?

காய்கறிக் கழிவு நாறித்தான் உரமாகும் என்று யார் சொன்னது? நன்றாக மட்கும் தொட்டியைத் திறந்தால் முதல் மழை நனைத்த மண்ணின் வாசனை வரும்! இரண்டுக்கும் காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரே பொருள்தான். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. அந்த நுண்ணுயிர்கள் உங்கள் அடுக்குமாடி வீட்டுக்கும் வரும்!

20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று போதும், தெரியுமா? அடியிலும் பக்கங்களிலும் துளை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். முதலில் மூன்று விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள் அல்லது காய்ந்த இலை. அதன்மேல் வெங்காயத்தோல், கீரைத்தண்டு, டீத்தூள் என்று பொடியாக நறுக்கிய அன்றைய கழிவு ஒரு கிண்ணம். அதை மூட அதே கிண்ணத்தால் நார்த்தூள். தினமும் இப்படியே! மேல் அடுக்கு எப்போதும் காய்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். கழிவு வெளியே தெரிந்தால் பழ ஈ முட்டையிட்டுவிடும்.

தொட்டிக்கு என்ன குறை என்பதை மூக்கே சொல்லிவிடும், தெரியுமா? மூக்கைக் குத்தும் அமோனியா நெடி வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது, காய்ந்த சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஈரம் மிஞ்சிக் காற்று அடைபட்டிருக்கிறது. மாம்பழ சீசனில் இதுதான் நடக்கும். மாம்பழத்தோலும் தர்பூசணித் தோலும் நீர் விட்டுக் கூழாகி, இரண்டு மூன்று நாளில் நாறத் தொடங்கும். உடனே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள்! குச்சியால் அடிவரை கிளறி, இரண்டு கிண்ணம் நார்த்தூள் கலந்து, மூடியைச் சற்றுத் திறந்தே வையுங்கள். புதுக் கழிவு சேர்ப்பதை ஓரிரு நாள் நிறுத்துங்கள். காற்று புகுந்ததும் நாற்றம் அடங்கிவிடும். ஈர அளவு சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம். உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

தொட்டியைத் தொட்டால் சில நேரம் வெதுவெதுப்பாக இருக்கும், தெரியுமா? நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன வெப்பம் வெளிவரும். சின்ன வாளியில் அது சீக்கிரம் ஆறிவிடும், கவலை வேண்டாம்.

உரம் தயாராகும் நாள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடைசி அடுக்கு போட்ட நாளிலிருந்துதான்! வாளி நிறைந்ததும் அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவது வாளியில் தொடங்குங்கள். முதல் வாளியை மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறினால் 45 முதல் 60 நாளில் கறுத்துப் பொலபொலவென்று ஆகிவிடும். எலுமிச்சைத்தோலும் மாங்கொட்டையும் அப்போதும் முழுசாகக் கிடக்கும். சலித்தெடுத்து அடுத்த வாளியில் போடுங்கள்.

செடிக்குப் போடுமுன் ஒரு பிடியை ஈரத்தோடு கவரில் கட்டி, மூன்று நாள் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மண் வாசனை வந்தால் தாராளமாகப் போடலாம். புளித்த வாடை அடித்தால் இன்னும் வேகவில்லை. வாளியிலேயே இரண்டு வாரம் இருக்கட்டும்.