கதையில் நான்கு வருடம், உடம்பில் ஒன்பது

நெட்ஃபிளிக்ஸின் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் கதை 1983 நவம்பரில் தொடங்கி 1987 இலையுதிர் காலத்துக்கு வந்து சேர்கிறது. பன்னிரண்டு வயதுப் பொடியன்கள் பதினாறை எட்டுகிறார்கள். ஆனால் முதல் சீசனின் படப்பிடிப்பு தொடங்கியது 2015 இறுதியில்; ஐந்தாவது சீசன் எடுத்து முடிந்தது 2024 டிசம்பரில். லெவன் என்ற சிறுமியாக நடித்த மில்லி பாபி பிரௌனுக்கு முதல் நாள் வயது 11, கடைசி நாள் 20. இடையில் அவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

பிள்ளைகளைத் தேர்வு செய்தபோது 906 சிறுவர்களும் 307 சிறுமிகளும் நடித்துக்காட்டியதாகத் தொடரின் படைப்பாளிகளான டஃபர் சகோதரர்கள் சொல்லியிருக்கிறார்கள். வந்தவர்களிடம் 'ஸ்டாண்ட் பை மீ' என்ற பழைய படத்தின் காட்சிகளையும் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஃபின் வோல்ஃப்ஹார்ட் உடம்பு சரியில்லாமல் படுத்துக்கிடந்தபோது, படுக்கையிலிருந்தே பேசி வீடியோ எடுத்து அனுப்பினான். மைக் வேடம் கிடைத்தது. கேடன் மாடராஸோவும் கேலப் மெக்லாஃப்லினும் அதற்கு முன்பே பிராட்வே மேடையில் நடித்துப் பழகியவர்கள். இது முக்கியம். துறுதுறுவென்று இருக்கும் குழந்தைகள் ஏராளம். ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்தாலும் சுருதி இறங்காமல் பேசக்கூடிய குழந்தைகள் குறைவு.

நல்ல தேர்வு என்பது, எழுதிவைத்த பாத்திரத்துக்குள் பிள்ளையைத் திணிப்பது அல்ல. கேடனுக்குப் பிறவியிலேயே எலும்பு, பல் வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு மரபணுக் குறைபாடு உண்டு. அதை மறைக்காமல் டஸ்டின் பாத்திரத்துக்கே கொடுத்துவிட்டார்கள். முதல் சீசனில் பள்ளிப் போக்கிரிகள் டஸ்டினின் பல்லைக் கிண்டல் செய்கிறார்கள். இரண்டாவது சீசனில் கேடன் செயற்கைப் பல் கட்டிக்கொண்டு வர, டஸ்டினும் முளைத்த முன்பற்களைப் பெருமையாகக் காட்டித் திரிகிறான்.

சிக்கல் தொடங்குவது இதற்குப் பிறகுதான். சிறுவர்களை நாள் முழுக்க வேலை வாங்க முடியாது. ஹாலிவுட் இருக்கும் கலிஃபோர்னியாவின் விதிப்படி, பள்ளி நடக்கும் நாட்களில் 9 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளை படப்பிடிப்புத் தளத்தில் ஒன்பது மணி நேரம்தான் இருக்கலாம். அதிலும் நடிப்பு ஐந்து மணி, பாடம் மூன்று மணி, ஓய்வு ஒரு மணி. நியாயமான விதி. ஆனால் வேலை நேரம் சுருங்கினால் படப்பிடிப்பு நாட்கள் நீளும். எழுத்து, கிராஃபிக்ஸ் எல்லாம் சேர்ந்து சீசனுக்குச் சீசன் இடைவெளி விழும். அதற்குள் பையனுக்கு மீசை அரும்பிக் குரலும் உடைந்துவிடும்.

'லாஸ்ட்' தொடர் 2004-ல் இதில்தான் மாட்டிக்கொண்டது. முதல் சீசன் முழுக்கத் தீவில் கழிவது ஏறக்குறைய ஒன்றரை மாதம். எடுக்கவோ பல மாதங்கள் ஆயின. வால்ட் என்ற சிறுவனாக நடித்த மால்கம் டேவிட் கெல்லி மளமளவென்று உயர்ந்தான். வால்ட் கடத்தப்பட்டான், பிறகு தீவை விட்டே அனுப்பப்பட்டான். அவனைச் சுற்றிப் பின்னப்பட்ட மர்மங்கள் பாதியில் நின்றன. ரசிகர்களுக்கு அந்த வருத்தம் நெடுநாள் இருந்தது.

டஃபர் சகோதரர்கள் வேறு வழியில் போனார்கள். ஒவ்வொரு சீசனுக்கும் கதையிலும் சில மாதங்களைத் தாண்டவைத்தார்கள். மூன்றாவது சீசனில் வளர்ச்சியையே கதையாக்கினார்கள். மைக்கும் லெவனும் காதலில் கிடக்க, வில் மட்டும் பழைய விளையாட்டை ஆடலாம் வா என்று நண்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மழையில் மைக் அவனிடம், நாம் இன்னும் குழந்தைகள் இல்லை என்று சீறுகிறான். தொடரில் மனதைத் தைக்கும் காட்சிகளில் இதற்குத் தனி இடம் உண்டு. பையன்கள் வளராமல் இருந்திருந்தால் இதை எழுதியிருக்கவே முடியாது.

நான்காவது சீசனில்தான் கணக்கு பிசகியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து படப்பிடிப்பை நிறுத்தியது; சீசன் வெளிவர 2022 ஆனது. கதை நடப்பதோ 1986 மார்ச்சில், முந்தைய சீசனிலிருந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. லெவனின் சிறுவயதுக் காட்சிகளுக்கு வேறொரு சிறுமியை நடிக்கவைத்து, பிரௌனின் பழைய முகத்தைக் கணினியில் பொருத்தினார்கள். சில காட்சிகளுக்கு இந்த வித்தை தாங்கும். தொடர் முழுக்கச் செய்தால் செலவும் தாங்காது, முகத்தில் உயிரும் இருக்காது.

அடுத்த சீசனுக்குள் ஹாலிவுட்டில் வேலைநிறுத்தம் வேறு வந்தது. கதையை ஏறக்குறைய பதினெட்டு மாதங்கள் முன்னே தள்ளியும் முழு இடைவெளியை நிரப்ப முடியவில்லை. ஆனால் அதே தொடரில் ஸ்டீவாக வரும் ஜோ கீரியைப் பாருங்கள். பள்ளி மாணவனாக நடிக்க வந்தபோதே அவருக்கு 23 வயது, முடியும்போது 32. அந்த ஒன்பது வருடம் அவர் முகத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. பல தொடர்களில் பதின்வயதினராக இருபதைத் தாண்டியவர்களையே போடுவதற்குக் காரணம் இதுதான்; வேலை நேரக் கட்டுப்பாடும் அவர்களுக்குக் கிடையாது. பன்னிரண்டு வயதுக்கு மட்டும் அந்தக் குறுக்குவழி செல்லாது. அங்கே நிஜமான பன்னிரண்டு வயதுப் பிள்ளைதான் வேண்டும். அடுத்த சீசனை அந்தப் பிள்ளை வளர்வதற்குள் எடுத்தாக வேண்டும்.